பவர்பாயிண்டில் மைண்ட் மேப்: நடுவில் ‘இரத்தம்’, சுற்றிலும் நான்கு கிளைகள்

“பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ‘இரத்தம்’ பகுதியை ரிவிஷனுக்காக ஒரே ஸ்லைடில் மைண்ட் மேப்பாகப் போடணும். வட்டம், பெட்டி எல்லாம் போட்டுப் பார்த்தேன். பெட்டியை நகர்த்தினால் கோடு கூடவே வருவதில்லை, பழைய இடத்திலேயே நிற்கிறது. SmartArt-இல் போட்டால் எழுத்து ரொம்பச் சின்னதாகிவிடுகிறது. ஒழுங்காகப் போடுவது எப்படி?”

பவர்பாயிண்டைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கோடு கழலுவதைச் சரிசெய்வது சுலபம், அதற்கு அப்புறம் வருகிறேன். எழுத்து சின்னதாவதன் வேர் மென்பொருளில் இல்லை. ஸ்லைடில் எவ்வளவு சரக்கை ஏற்றுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. அதை முதலில் தீர்த்துவிடலாம்.

பவர்பாயிண்டின் வழக்கமான அகல ஸ்லைடு 33.87 செ.மீ. அகலம், 19.05 செ.மீ. உயரம். கடைசி பெஞ்சில் இருப்பவர்களும் படிக்க வேண்டும் என்றால் எழுத்து 18 பாயிண்டுக்குக் கீழே போகக் கூடாது. கிளைத் தலைப்புகள் 20 அல்லது 24 இருந்தால் நல்லது. தமிழ் எழுத்து அகலமானது. ‘வெள்ளையணுக்கள்’ என்ற ஒரு சொல்லே 20 பாயிண்டில் ஆறு செ.மீ. அளவுக்கு இடம் கேட்கும். இந்தக் கணக்கில் பார்த்தால் நடுவில் ஒரு தலைப்பு, நான்கு கிளைகள், கிளைக்கு மூன்று இலைகள், மொத்தம் பதினேழு சொற்கூறுகள்தான் ஒரு ஸ்லைடு தாங்கும். அதற்கு மேல் போனால் எந்தக் கருவியில் வரைந்தாலும் எழுத்து சுருங்கத்தான் செய்யும்.

சரி, அந்த நான்கு கிளைகள் எவை? பெரும்பாலும் கையில் முதலில் வருவது ‘கூறுகள், வகைகள், பணிகள், நோய்கள்’ என்ற பிரிவு. பாடத்தை நடத்தும்போது அது சரி. ரிவிஷனுக்கு அது உதவாது. சிவப்பணுவின் அமைப்பு ஒரு கிளையில், அதன் வேலை வேறொரு கிளையில் என்று சிதறிப்போகும். மாணவர் சிவப்பணுவைப் பற்றி நினைவுபடுத்திக்கொள்ள ஸ்லைடு முழுக்கக் கண்ணை ஓட்ட வேண்டியிருக்கும். பொருளை வைத்துப் பிரியுங்கள்: பிளாஸ்மா, சிவப்பணு, வெள்ளையணு, தட்டுகள். ஒவ்வொன்றின் அமைப்பும் வேலையும் அதனதன் இலையாக வந்துவிடும்.

இலைகளில் வாக்கியம் வேண்டாம். ‘சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் என்ற நிறமி உள்ளது’ என்று எழுதினால் மாணவர் அதை வாசிப்பார், அவ்வளவுதான். ‘ஹீமோகுளோபின்’ என்று மட்டும் இருந்தால் மீதியை அவரே சொல்லியாக வேண்டும். மைண்ட் மேப்பை 1970-களில் பரவலாக்கிய டோனி புசான் கோட்டுக்கு ஒரே சொல் என்று கறாராகச் சொன்னார். நான் அவ்வளவு கறார் இல்லை. ‘உட்கரு இல்லை’ என்பதை ஒரு சொல்லாகக் குறுக்கினால் பொருளே போய்விடும். இரண்டு சொல் வரை விடலாம்.

தாளில் எனக்கு வந்த பிரிவு இது:

பிளாஸ்மா: சுமார் 55% / நீர், உப்புகள் / ஃபைப்ரினோஜன்
தட்டுகள்: உறைதல் / உட்கரு இல்லை / 1.5–4.5 லட்சம்
வெள்ளையணு: நோய் எதிர்ப்பு / உட்கரு உண்டு / 5 வகை
சிவப்பணு: ஹீமோகுளோபின் / உட்கரு இல்லை / 120 நாள்

55% என்பது இரத்தத்தின் கன அளவில் பிளாஸ்மாவின் பங்கு. லட்சக் கணக்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இருக்கும் தட்டுகளின் எண்ணிக்கை, 120 நாள் சிவப்பணுவின் ஆயுள். எண்களை மட்டும் உங்கள் பாடநூலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். தட்டுகளின் எண்ணிக்கை போன்றவற்றை நூலுக்கு நூல் கொஞ்சம் வேறாகத் தருவார்கள், மாணவர் தேர்வில் எழுதப் போவது அவர் நூலில் இருப்பதைத்தான்.

இலைகளின் வரிசையைக் கவனியுங்கள். மூன்று அணுக் கிளைகளிலும் உட்கரு பற்றிய இலை நடுவில் இருக்கிறது. ஒரே இடத்தில் ஒரே வகைத் தகவல் இருந்தால் ‘மனித இரத்தத்தில் எந்த அணுவுக்கு உட்கரு உண்டு?’ என்று கேட்டதும் கண் மூன்று நடு இலைகளை மட்டும் பார்த்துவிட்டுப் பதில் சொல்லிவிடும். இன்னொன்று, பிளாஸ்மாவின் கடைசி இலை ஃபைப்ரினோஜன், தட்டுகளின் முதல் இலை உறைதல். இந்த இரண்டையும் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறேன். காயம் பட்ட இடத்தில் தட்டுகள் தொடங்கிவைக்கும் வேலை முடிவது பிளாஸ்மாவில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன், ஃபைப்ரின் இழைகளாக மாறும்போதுதான். இரண்டு கிளைக்கும் பொதுவான சங்கதி. பிளாஸ்மாவை வலது மேலேயும் தட்டுகளை வலது கீழேயும் வைத்தால் இந்த இரண்டு இலைகளும் அடுத்தடுத்து வந்து நிற்கும், நடுவில் ஒரு சின்னப் புள்ளிக்கோடு போட்டால் போதும். எதிரெதிர்ப் பக்கத்தில் வைத்திருந்தால் அந்தக் கோடு படத்தின் குறுக்கே எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு போகும்.

இரத்த வகைகளை இந்த ஸ்லைடில் சேர்க்காதீர்கள். ஆன்டிஜென் இருப்பது சிவப்பணுவின் மேற்பரப்பில், ஆன்டிபாடி இருப்பது பிளாஸ்மாவில். எந்தக் கிளையில் போட்டாலும் பாதி மறுகிளைக்குச் சொந்தம். A, B, AB, O நான்குக்கும் எது உண்டு எது இல்லை என்பதைக் காட்ட ஒரு அட்டவணைதான் தோது. அதைத் தனி ஸ்லைடாகப் போட்டுவிடுங்கள்.

இனி வரையலாம்.

Blank தளவமைப்பில் ஒரு ஸ்லைடு எடுங்கள். படத்தில் நடுத் தலைப்பைச் சுற்றி எல்லாத் திசையிலும் கிளைகள் பாய்வதுதான் மைண்ட் மேப்பின் வழக்கமான தோற்றம். தாளில் கையால் வரையும்போது அது அழகு. ஸ்லைடு படுக்கை வடிவம், நம் சொற்களும் நீளமானவை. நேர் மேலேயும் நேர் கீழேயும் கிளை விட்டால் அங்கே உயரம் போதாது, பக்கவாட்டில் இடம் வீணாகும். அதனால் இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் இரண்டு என்று வையுங்கள்.

நடுவில் ஒரு நீள்வட்டம், 5 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரம். அதைத் தேர்ந்தெடுத்து Shape Format > Align-இல் Align Center, Align Middle இரண்டையும் கொடுத்தால் ஸ்லைடின் நடுவுக்கு வந்துவிடும். கிளைப் பெட்டிகள் 5 செ.மீ. அகலம், 1.8 உயரம். இலைகள் 6 செ.மீ. அகலம், 1.6 உயரம். இலைகளுக்கு எல்லைக்கோடு, நிறம் எதுவும் வேண்டாம், வெறும் Text Box போதும். பன்னிரண்டு இலைக்கும் பெட்டி போட்டால் எது கிளை எது இலை என்றே தெரியாது.

இடத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து வைக்க வேண்டியதில்லை. வடிவத்தின் மேல் வலது கிளிக் செய்து Size and Position திறந்தால் Horizontal position, Vertical position என்று இரண்டு கட்டம் இருக்கும். வலது பக்கக் கிளைப் பெட்டிகளுக்கு கிடைமட்டம் 21.2 செ.மீ., இலைகளுக்கு 27.2. இடது பக்கம் கிளைப் பெட்டி 7.67, இலை 0.67. செங்குத்தில் மேல் கிளையின் மூன்று இலைகள் 2.3, 4.5, 6.7. கீழ்க் கிளையின் இலைகள் 10.7, 12.9, 15.1. கிளைப் பெட்டிகள் தங்கள் நடு இலைக்கு நேராக, 4.4-இலும் 12.8-இலும். உங்கள் கணினியில் அளவு அங்குலத்தில் காட்டினாலும் கட்டத்தில் ‘21.2 cm’ என்று அலகோடு தட்டினால் அதுவே மாற்றிக்கொள்ளும். இந்த எண்களை அப்படியே வைக்க வேண்டும் என்றில்லை, ஆனால் இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும்.

தட்டும்போது எழுத்து தானாகச் சுருங்கினால் Format Shape-இல் Text Box பகுதிக்குப் போய் Do not Autofit என்று மாற்றுங்கள். Shrink text on overflow இருந்தால் ஒரு இலை 18, இன்னொன்று 14 என்று ஆளுக்கொரு அளவில் நிற்கும். சொல் உள்ளே அடங்கவில்லை என்றால் எழுத்தைக் குறைக்காதீர்கள், சொல்லைக் குறையுங்கள். ‘இரத்தச் சிவப்பணுக்கள்’ இங்கே ‘சிவப்பணு’ ஆனது அப்படித்தான். நடுவில் இரத்தம் என்று எழுதியிருக்கும்போது கிளையில் அதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை.

இடது பக்க இலைகளில் ஒரு சின்ன விஷயம் பலருக்கும் தப்பிப்போகும். எழுத்துப் பெட்டி 6 செ.மீ. அகலம், ஆனால் ‘120 நாள்’ என்ற எழுத்து அதில் பாதிதான். எழுத்து இடது ஓரமாக நின்றால் கோடு பெட்டியின் வலது ஓரத்தில் வந்து முடியும், இரண்டுக்கும் நடுவில் மூன்று செ.மீ. வெற்றிடம். கோடு எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்பது போல் தெரியும். இடது பக்க இலைகளின் எழுத்தை Align Right செய்தால் இது தீர்ந்துவிடும். வலது பக்க இலைகள் வழக்கம் போல இடது ஓரமாக இருக்கட்டும்.

இப்போது உங்கள் கோட்டுப் பிரச்சினை. Insert > Shapes > Lines வரிசையில் இருப்பவை எல்லாம் ஒரே வகை இல்லை. நேர்க்கோடு, Elbow Connector, Curved Connector எல்லாம் இணைப்புக் கோடுகள். வடிவத்தில் ஒட்டிக்கொள்ளும், வடிவம் நகர்ந்தால் கூடவே வரும். அதே வரிசையின் கடைசியில் இருக்கும் Curve, Freeform: Shape, Freeform: Scribble மூன்றும் வெறும் ஓவியக் கோடுகள், எதிலும் ஒட்டாது. வளைந்த கோடு வேண்டும் என்று தேடுபவர்கள் பெரும்பாலும் ‘Curve’ என்ற பெயரைப் பார்த்து அதை எடுத்துவிடுவார்கள். நமக்கு வேண்டியது Curved Connector. பெயரில் Connector இருக்கிறதா என்று பாருங்கள்.

சரியான கோட்டை எடுத்தாலும் ஒட்டாமல் போக வாய்ப்பு உண்டு. கோட்டை எடுத்துக்கொண்டு வடிவத்தின் அருகே போனால் அதன் ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். அந்தப் புள்ளியின் மேலேயே அழுத்தத் தொடங்கி, அடுத்த வடிவத்தின் புள்ளி மேலேயே விட வேண்டும். அரை மில்லிமீட்டர் தள்ளி விட்டாலும் பார்ப்பதற்கு ஒட்டியது போலவே இருக்கும், ஒட்டியிருக்காது. கோட்டைக் கிளிக் செய்து அதன் இரு முனைகளையும் பாருங்கள். முனை பச்சையாக இருந்தால் ஒட்டியிருக்கிறது, வெள்ளையாக இருந்தால் இல்லை. வெள்ளை முனையைப் பிடித்து இழுத்துப் புள்ளியின் மேல் விட்டால் பச்சையாகிவிடும். நீங்கள் ஏற்கெனவே போட்ட படத்திலும் முழுதாக அழிக்காமல் இப்படிச் சரிசெய்யலாம், அவை Curve கோடுகளாக இல்லாத பட்சத்தில்.

எந்தப் புள்ளியில் ஒட்டுவது என்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். நீள்வட்டத்துக்கு எட்டுப் புள்ளிகள், பெட்டிக்கு நான்கு. மேல் வலது கிளைக்கு நீள்வட்டத்தின் மேல் வலது மூலைப் புள்ளியையும், கீழ் வலது கிளைக்குக் கீழ் வலது மூலைப் புள்ளியையும் எடுக்கத்தான் கை போகும். அப்படிச் செய்து பாருங்கள், இரண்டு வளைவும் ஒரே மாதிரி வராது. ஒவ்வொரு புள்ளிக்கும் கோடு எந்தத் திசையில் கிளம்ப வேண்டும் என்று உள்ளே குறித்து வைத்திருக்கிறார்கள். மேல் வலது மூலையில் இருந்து கோடு மேல்நோக்கிக் கிளம்பும், கீழ் வலது மூலையில் இருந்து வலப்பக்கமாகக் கிளம்பும். அதனால் ஒரு பக்கம் கூன் போட்டது போலவும் இன்னொரு பக்கம் ஒழுங்காகவும் தெரியும். வலது பக்கக் கிளைகள் இரண்டையும் நீள்வட்டத்தின் வலது நடுப்புள்ளியில் இருந்தே எடுங்கள், இடது பக்கத்தை இடது நடுப்புள்ளியில் இருந்து. ஒரே கணுவில் இருந்து இரண்டு கிளை பிரிவது போல மேலும் கீழும் சமமான வளைவாக வரும். கிளைப் பெட்டியில் இருந்து மூன்று இலைகளுக்குப் போகும் கோடுகளுக்கும் இதே முறைதான்: பெட்டியின் வெளிப்பக்க நடுப்புள்ளியில் இருந்து இலையின் உட்பக்க நடுப்புள்ளிக்கு.

வலது கிளிக்கில் Reroute Connectors என்று ஒரு வசதி இருக்கும். அது இரண்டு வடிவத்துக்கும் இடையே மிகக் குறுகிய வழியைத் தேடிக் கோட்டை மாற்றி ஒட்டிவிடும். பெரிய படத்தை அவசரமாக ஒழுங்கு செய்ய உதவும், ஆனால் நாம் பார்த்துப் பார்த்து வைத்த நடுப்புள்ளிகளை எல்லாம் கலைத்துவிடும். இந்தப் படத்தில் அதைத் தொட வேண்டாம்.

கோட்டின் தடிமன் நடுவில் இருந்து கிளைக்கு 4.5 பாயிண்ட், கிளையில் இருந்து இலைக்கு 2.25. ஒரு கிளையின் பெட்டி, கோடுகள் எல்லாம் ஒரே நிறம். ஒவ்வொரு கோடாக நிறம் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். முதல் கோட்டைச் சரிசெய்ததும் வலது கிளிக் செய்து Set as Default Line கொடுத்துவிட்டால் அடுத்து வரையும் கோடுகள் அதே போல வரும். இன்னும் சுலபம், வலது பக்கத்தில் ஒரு கிளையை இலை, கோடு எல்லாம் சேர்த்து முழுதாக முடித்துவிட்டு, மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து Ctrl+D அழுத்துவது. பெட்டியும் இலையும் கோட்டோடு சேர்ந்து நகலானால் ஒட்டும் அப்படியே இருக்கும். வலது பக்கத்தின் இன்னொரு கிளைக்கு நடுவுக்குப் போகும் கோட்டை மட்டும் புதிதாகப் போட்டால் போதும். நகலை இடது பக்கத்துக்குக் கொண்டுபோனால் கோட்டு முனைகளை மறுபக்க நடுப்புள்ளிகளுக்கு மாற்றி ஒட்ட வேண்டும். மஞ்சள், வெளிர் பச்சை போன்றவற்றைத் தவிர்த்துவிடுங்கள். மடிக்கணினித் திரையில் பளிச்சென்று இருக்கும், வகுப்பறையில் ஜன்னல் வெளிச்சத்தில் புரொஜெக்டர் அதை வெள்ளையோடு வெள்ளையாக்கிவிடும்.

ஃபைப்ரினோஜனுக்கும் உறைதலுக்கும் நடுவே உள்ள கோடு கடைசி. அந்த இலையின் கீழ்ப் புள்ளியில் இருந்து இந்த இலையின் மேல் புள்ளிக்கு நேர்க்கோடு, சாம்பல் நிறம், Dashes-இல் புள்ளிக்கோடு, முனையில் அம்பு. இப்படி ஒரு ஸ்லைடில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு குறுக்குக் கோடுகள் இருக்கலாம். நான்கைந்து தேவைப்படுகிறது என்றால் அந்தப் பாடத்துக்கு மைண்ட் மேப் பொருந்தவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு கோட்டின் மேலும் ‘மாற்றுகிறது’, ‘தூண்டுகிறது’ என்று உறவை எழுதும் கருத்து வரைபடம்தான் அங்கே சரி.

வெள்ளையணுவில் ‘5 வகை’ என்று நிறுத்தியிருக்கிறோம். அந்த ஐந்தையும் மாணவர் சொல்ல வேண்டும். துகள் உள்ளவை நியூட்ரோஃபில், ஈசினோஃபில், பேசோஃபில். துகள் அற்றவை லிம்ஃபோசைட், மோனோசைட். இதை இந்த ஸ்லைடிலேயே மூன்றாம் படியாக நீட்டினால் இடது கீழ் மூலை மட்டும் நெரிசலாகி மற்றப் பக்கங்கள் காலியாகக் கிடக்கும். ‘வெள்ளையணு’வை நடுவில் வைத்து இன்னொரு ஸ்லைடு போடுங்கள். இங்கே துகள் உள்ளவை ஒரு பக்கம், துகள் அற்றவை மறுபக்கம், இரண்டே கிளை. முதல் ஸ்லைடில் ‘5 வகை’ என்ற எழுத்துப் பெட்டியைத் தேர்ந்தெடுத்து Insert > Link > Place in This Document வழியாக அந்த ஸ்லைடுக்கு இணைப்புக் கொடுங்கள். திரும்பி வர அங்கேயும் நடுவட்டத்துக்கு ஒரு இணைப்பு.

இவ்வளவும் முடிந்தால் படம் தயார், ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் திரையில் இருந்தால் ரிவிஷன் நடக்காது. மாணவர்கள் பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள், தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள். முதலில் நடுவட்டமும் நான்கு கிளைப் பெயர்களும் மட்டும் தெரிய வேண்டும். மாணவர் வாயால் சொன்ன பிறகு அந்தக் கிளையின் இலைகள் வர வேண்டும். வழக்கமான அனிமேஷனில் நாம் வைத்த வரிசைப்படிதான் வரும். வகுப்பில் யாரோ ஒருவர் தட்டுகளில் இருந்து தொடங்குவார். அதற்குத்தான் Trigger.

இடங்கள் எல்லாம் இறுதியான பிறகு, ஒரு கிளையின் மூன்று இலைகளையும் அவற்றுக்குப் போகும் மூன்று கோடுகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து Ctrl+G கொடுத்துக் குழுவாக்குங்கள். Alt+F10 அழுத்தினால் வலப்பக்கம் Selection Pane திறக்கும். அங்கே குழுவின் பெயரை ‘பிளாஸ்மா இலைகள்’ என்றும் பெட்டியின் பெயரை ‘பிளாஸ்மா’ என்றும் மாற்றுங்கள். பெயர் மாற்றாமல் விட்டால் அடுத்த கட்டத்தில் Rectangle 7, Rectangle 12 என்று ஒரு நீளப் பட்டியல் வந்து நிற்கும், எது எதுவென்று தெரியாது. குழுவைத் தேர்ந்தெடுத்து Animations-இல் Wipe. Effect Options-இல் வலது பக்கக் கிளைக்கு From Left, இடது பக்கக் கிளைக்கு From Right, அப்போதுதான் நடுவில் இருந்து வெளியே வளர்வது போல வரும். பிறகு Trigger > On Click of > பிளாஸ்மா. அவ்வளவுதான், வகுப்பில் பிளாஸ்மா பெட்டியைக் கிளிக் செய்தால் அதன் இலைகள் மட்டும் விரியும். குறுக்குக் கோட்டை எந்தக் குழுவிலும் சேர்க்காமல், அதற்கு நடுவட்டத்தை Trigger ஆக வையுங்கள். ‘இந்த இரண்டையும் எது இணைக்கிறது?’ என்று கேட்டுவிட்டுக் கடைசியாகக் காட்டலாம்.

இந்த வரிசையை மாற்றாதீர்கள். தனித்தனியாக அனிமேஷன் கொடுத்துவிட்டு அப்புறம் குழுவாக்கினால் கொடுத்த அனிமேஷன் எல்லாம் போய்விடும். ‘5 வகை’ பெட்டிக்கு இணைப்புக் கொடுத்திருந்தால் குழுவாக்கிய பிறகு ஒருமுறை ஓட்டிப் பார்த்து அது வேலை செய்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

Trigger வைத்த ஸ்லைடில் எல்லோரும் மாட்டும் இடம் ஒன்று உண்டு. பெட்டியைச் சரியாகக் கிளிக் செய்யாமல் பக்கத்தில் வெற்றிடத்தில் கை பட்டால் பவர்பாயிண்ட் அடுத்த ஸ்லைடுக்குத் தாவிவிடும். Transitions பட்டியில் Advance Slide பகுதியில் On Mouse Click என்பதில் உள்ள டிக்கை இந்த ஸ்லைடுக்கு மட்டும் எடுத்துவிடுங்கள். விசைப்பலகையின் அம்புக்குறியால் அடுத்த ஸ்லைடுக்குப் போகலாம், தவறான கிளிக்கால் போகாது.

SmartArt பற்றியும் கேட்டிருந்தீர்கள். Basic Radial-இல் நடுவில் ஒன்றும் சுற்றி ஐந்தாறு சொற்களும் மட்டும் வேண்டும் என்றால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் அங்கே எல்லா வட்டத்துக்கும் எழுத்து அளவு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று அது பார்ப்பதால், ஒரு வட்டத்தில் நீளமான தமிழ்ச் சொல் வந்தால் மற்ற வட்டங்களின் எழுத்தும் அதற்காகச் சுருங்கும். இலைகளுக்குத் தனிக் கோடும் கிடைக்காது. நம் படத்துக்கு அது ஆகாது. கூகுள் ஸ்லைட்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு Curved connector அங்கேயும் இருக்கிறது, ஒட்டவும் செய்யும். Trigger மட்டும் இல்லை, அனிமேஷன் வைத்த வரிசையில்தான் வரும்.

எழுத்துருவுக்கு Nirmala UI போதும், விண்டோஸ் 8 முதல் எல்லாக் கணினியிலும் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பாடக்குறிப்பில் இருந்து நகல் எடுத்து ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத பள்ளிக் கணினியில் ஆங்கில எழுத்துகளின் குழப்பமாகத் தெரியும். யூனிகோடாக மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

மாணவர்களுக்குப் பிரதி கொடுப்பதானால் PDF-இல் Trigger வேலை செய்யாது, எல்லா இலையும் திறந்தே இருக்கும். அது விடைத்தாள் ஆயிற்று. ஸ்லைடை இடப்பக்கச் சிறுபடத்தில் தேர்ந்தெடுத்து Ctrl+D கொடுத்து, நகலில் இலைகளின் எழுத்தை மட்டும் அழித்துவிட்டுக் கோடுகளை விட்டு வையுங்கள். அதுதான் அவர்கள் நிரப்ப வேண்டிய தாள். ஜெராக்ஸில் நான்கு நிறமும் ஒரே சாம்பல் ஆகிவிடும் என்பதால் கிளைப் பெயர்களுக்கு முன்னால் 1, 2, 3, 4 என்று எண் போட்டுவிடுங்கள், ‘மூன்றாவது கிளையைப் பாருங்கள்’ என்று சொல்ல வசதியாக இருக்கும்.

இதே ஸ்லைடைப் பள்ளி ஆண்டு விழா மாதிரி ஒன்றைத் திட்டமிடவும் எடுத்துக்கொள்ளலாம். அப்போது கிளைகள் மேடை, நிகழ்ச்சிகள், விருந்தினர், செலவு என்று மாறும், இலைக்கு ஒரு பொறுப்பாளர் பெயர் சேரும். Trigger தேவையில்லை, எல்லாம் திறந்தே இருக்கட்டும். ஆனால் எது முதலில், எது அதற்கு அடுத்து என்பதை மைண்ட் மேப் காட்டாது. அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முன் விருந்தினர் ஒப்புதல் வர வேண்டும் என்பது இரண்டு வெவ்வேறு கிளைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். என்னென்ன வேலை என்று கூட்டத்தில் எல்லோருமாகச் சொல்லிச் சேர்க்கும் வரை இந்த ஸ்லைடு, சேர்த்து முடித்ததும் தேதி வாரியாக ஒரு அட்டவணைக்கு மாறிவிடுங்கள்.